அனுமதி அட்டைக்கு நான்கு நாள்: கொடுத்த பிறகும் கணக்கில் நின்ற ஒரு புத்தகம்

## பின்னணி

நான் திருகோணமலையில் ஒரு உயர்கல்வி நிறுவனத்தின் நூலகத்தில் இரவல் பகுதியில் வேலை செய்கிறேன். கவுண்டரில் இருந்து கொடுக்கல் வாங்கல் பார்ப்பதுதான் என் வேலை. இங்கே எழுதப்போவது போன வருடம் எங்கள் இறுதியாண்டு மாணவி ஒருவருக்கு நடந்தது. அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே எழுதுகிறேன். பெயரும் பாடநெறியும் வேண்டாம் என்றார்.

முதலில் எங்கள் விதியைச் சொல்லிவிடுகிறேன், இது இடத்துக்கு இடம் மாறும். பதிவு செய்கிற நாளிலேயே மாணவர் அடையாள அட்டையில் இருக்கும் பார்கோட் நூலக உறுப்புரிமை ஆகிவிடும், தனி அட்டை கிடையாது. இறுதியாண்டுக்காரருக்கு நான்கு புத்தகம், 14 நாள், வேறு யாரும் கேட்டு வைக்காவிட்டால் ஒருமுறை புதுப்பிக்கலாம். பிந்தினால் ஒரு புத்தகத்துக்கு ஒரு நாளைக்கு 5 ரூபாய். ஞாயிறும் போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும் கணக்கில் சேரும், ஆனால் நூலகத்தை அறிவித்து மூடுகிற விடுமுறை நாட்கள் சேராது. கணக்கெல்லாம் கோஹா என்ற மென்பொருளில் நடக்கிறது. அதன் சேர்வர் எங்கள் கட்டடத்தில் இல்லை, இணைய லைன் வழியாகத்தான் போய்வர வேண்டும். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

தமிழ்நாட்டில் ஹால் டிக்கெட் என்பதை நாங்கள் அனுமதி அட்டை என்போம், பேச்சில் அட்மிஷன் காட். அப்போதெல்லாம் பரீட்சைக்கு ஒரு கிழமைக்கு முன் பீட அலுவலகம் பரீட்சார்த்திகளின் பட்டியலை எங்களுக்கு அனுப்பும். யார் பெயரில் புத்தகமோ தண்டப்பணமோ நிலுவையில் நிற்கிறதோ, அந்தப் பெயருக்கு நேரே நாங்கள் குறி போட்டுத் திருப்பி அனுப்புவோம். குறி விழுந்தவர்களின் அட்டையை அலுவலகம் எடுத்து ஒரு பக்கம் வைத்துவிடும். வேறு ஒன்றும் இல்லை, ஒரு கடதாசியில் ஒரு குறி. பரீட்சை ஜூலை 4 காலை 9 மணிக்குத் தொடங்க இருந்தது.

## ஜூன் 30: முதலில் கண்டது

காலையில் திறந்த கையோடு அந்த மாணவி வந்தார். மூதூர்ப் பக்கம் வீடு, முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். "மிஸ், என்ர காட் இல்லையாம், லைப்ரரில கேக்கட்டாம்" என்றார். கணக்கைத் திறந்து பார்த்தால் இரண்டு புத்தகம் நின்றது.

ஒன்று புள்ளிவிபரவியல் நூல். திருப்ப வேண்டிய திகதி பெப்ரவரி 17. அடுத்தது முகாமைக் கணக்கியல், திருப்ப வேண்டிய திகதி மார்ச் 24. முதலாவதற்கு 133 நாள், 665 ரூபாய். இரண்டாவதற்கு 98 நாள், 490 ரூபாய். மொத்தம் 1,155.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காசைப் பார்த்து இல்லை. "முதல் புத்தகம் நான் குடுத்திட்டன் மிஸ், பெப்ரவரியிலயே குடுத்திட்டன், இந்த மேசையிலதான் வச்சன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டாவது தன் கையில் எடுத்ததே இல்லை, தன் அட்டையில் ஒரு சீனியர் அக்காவுக்கு எடுத்துக் கொடுத்தது என்றார். அந்த அக்கா படிப்பு முடித்து வவுனியாவுக்குப் போய்விட்டார்.

மின்னஞ்சலில் நினைவூட்டல் வந்திருக்குமே என்று கேட்டேன். நிறுவன மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது, அவர் அதை முதலாம் ஆண்டுக்குப் பிறகு திறக்கவே இல்லை. மார்ச் மாதத்திலிருந்து இரவல் எடுக்கவும் வரவில்லை. கடைசி அரையாண்டில் ஆய்வறிக்கை வேலை என்று பிள்ளைகள் கவுண்டர் பக்கம் வருவது குறைந்துவிடும், அதனால்தான் இப்படி நிற்கிற புத்தகங்கள் நேரே பரீட்சைப் பட்டியலில் வந்து முட்டுகின்றன.

## எடுத்த முதல் முடிவு, ஏன்

"கொடுத்துவிட்டேன்" என்று சொல்லி வருபவர்கள் ஒவ்வொரு பரீட்சைக்கும் இருப்பார்கள். சிலர் மறந்திருப்பார்கள், புத்தகம் வீட்டில் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். சிலர் பட்டியலைக் கண்டதும் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்து இராக்கையில் செருகிவிட்டு, "பாருங்கோ, இங்கதானே இருக்கு" என்பார்கள். உண்மையாகவே கொடுத்தவரும் இருப்பார். மூன்று பேருக்கும் வாயில் வருகிற வசனம் ஒன்றுதான். அதனால் ஆளைப் பார்த்து முடிவெடுக்காமல் புத்தகத்தைப் பார்த்து முடிவெடுப்பதே முறை என்று நான் நினைக்கிறேன்.

இரண்டு புத்தகத்தையும் பிரித்துக் கையாள்வது என்று முடிவு செய்தோம். முதலாவதைத் தேடும் பொறுப்பு எங்களுடையது. இரண்டாவதைக் கொண்டுவரும் பொறுப்பு அவருடையது, யார் படித்திருந்தாலும் அட்டை அவருடையது. சீனியரிடம் பேசிப் புத்தகத்தை வவுனியாவிலிருந்து பஸ்ஸில் போடச் சொல்லும்படி சொன்னேன். அங்கேயே நின்று போன் எடுத்தார். அந்த அக்கா புத்தகம் தன்னிடம் இருப்பதையே மறந்திருந்தார்.

அதற்கிடையில் மாணவியின் அப்பா போனில் என்னோடு பேசினார். டவுனில் முழுப் புத்தகத்தையும் கொப்பி எடுத்து பைண்ட் பண்ணித் தரலாமா என்று கேட்டார். பாவம், பிள்ளைக்காகக் கேட்கிறார். ஏற்க முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. தொலைந்தால் அதே நூலின் அதே பதிப்பு அல்லது புதிய பதிப்பு வேண்டும், கிடைக்காவிட்டால் இன்றைய விலையும் அதற்கு மேல் பதிவு வேலைக்கான ஒரு தொகையும் கட்ட வேண்டும். புத்தகம் வாங்கியபோது இலக்கம் கொடுத்து எழுதிய சேர்வுப் பதிவேட்டில் இருக்கும் பழைய விலையைக் கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு, அதற்கு முன் வாங்கிய வெளிநாட்டுப் பாடநூலை அந்த விலைக்கு யாராலும் திரும்ப வாங்க முடியாது. புத்தகம் வந்து சேர்ந்ததால் அந்தச் செலவுக்கு அவர்கள் போகவில்லை.

## ஜூலை 1: இராக்கையில் தேடியது

புள்ளிவிபரவியல் நூலின் பகுப்பெண், அதாவது இராக்கையில் அதன் இடத்தைச் சொல்லும் எண், 519.5. முந்தின நாளே ஒரு தம்பி போய் அந்த இராக்கையைப் பார்த்துவிட்டு "இல்லை" என்று வந்திருந்தார். வழக்கமாக இந்த இடத்தில் தேடல் முடிந்துவிடும், "இராக்கையில் இல்லை" என்று எழுதி மாணவர் தலையில் போட்டுவிடுவோம். எனக்கு அந்தப் பிள்ளையின் முகம் மனதில் நின்றது. அதனால் காலையில் நானே போனேன்.

பிழையான இடத்துக்குப் போன புத்தகத்தை எங்கே தேடுவது என்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் சரியான இடத்துக்கு மேல் தட்டும் கீழ்த் தட்டும், அப்புறம் அதே தட்டில் புத்தகங்களுக்குப் பின்னால் விழுந்திருக்கிறதா என்று கை விட்டுப் பார்ப்பது, அப்புறம் இலக்கம் இடம் மாறினால் என்ன எண் வரும் என்று யோசிப்பது. 519.5 இல் 1 உம் 9 உம் மாறினால் 591.5. அது விலங்குகளின் நடத்தை. இங்கே அந்தப் பகுதிக்கு ஆள் போவதே குறைவு. கீழ்த் தட்டில், இரண்டு தடித்த விலங்கியல் புத்தகங்களுக்கு நடுவில், நீல முதுகோடு இருந்தது. முதுகுச் சீட்டில் மை மங்கி 1 உம் 9 உம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வெளிச்சம் குறைந்த அந்த மூலையில் நானே இரண்டாம் முறை பார்த்துத்தான் சரியாக வாசித்தேன்.

சரி, புத்தகம் கிடைத்துவிட்டது. ஆனால் இது மட்டும் போதாது. நேற்று யாராவது கொண்டுவந்து வைத்திருக்கலாமே என்று கணக்காய்வுக்காரர் கேட்டால் நான் என்ன சொல்வது?

இதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு, மாணவர்கள் பலருக்குத் தெரியாது. புத்தகத்தின் தாள்களுக்கிடையே முதுகை ஒட்டி மெல்லிய காந்தப் பட்டி ஒன்று ஒட்டியிருப்போம். இரவல் கொடுக்கும்போது அதைச் செயலிழக்கச் செய்வோம், அதனால்தான் வாசல் கேட் சத்தம் போடாமல் வெளியே போக விடுகிறது. திரும்பி வரும்போது கவுண்டருக்கு உள்ளே இருக்கும் இயந்திரத்தில் தேய்த்து மறுபடியும் உயிர் கொடுப்போம். வெளியே இருந்து இரகசியமாக வந்து இராக்கையில் செருகப்பட்ட புத்தகம் என்றால் பட்டி செத்தபடியே இருக்கும். நான் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு நடுவால் நடந்தேன். அலாரம் அடித்தது. வாசல் காவலாளி எழுந்தே விட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது வேறு எப்போதும் இல்லை.

அந்தப் புத்தகம் எங்கள் கவுண்டரைத் தாண்டித்தான் இராக்கைக்குப் போயிருக்கிறது. எப்போது என்று அது சொல்லாது. அதற்கு வேறொரு சாட்சி தேவைப்பட்டது. லைன் போய்விட்டால் கோஹாவில் பதிய முடியாது, அந்த நேரங்களில் திரும்பி வரும் புத்தகங்களின் சேர்விலக்கத்தை ஒரு சிஆர் கொப்பியில் எழுதி வைப்போம், லைன் வந்ததும் ஒவ்வொன்றாகப் பதிந்து சரி போடுவோம். பெப்ரவரிப் பக்கங்களைப் புரட்டினேன். 16ஆம் திகதி பின்னேரம் 11 இலக்கங்கள் எழுதியிருந்தது. பத்துக்குச் சரி போட்டிருந்தது. பத்தாவதோடு பக்கம் முடிகிறது. பதினோராவது தாளைத் திருப்பினால் மறுபக்கத்தில் முதல் வரியில் தனியாக இருக்கிறது, சரி இல்லை. அதுதான் இந்தப் புத்தகம்.

தவறு எங்களுடையது. திருப்ப வேண்டிய திகதிக்கு ஒரு நாள் முந்தியே அந்தப் பிள்ளை கொடுத்திருக்கிறார். நாங்கள் பட்டிக்கு உயிர் கொடுத்து, கொப்பியில் எழுதி, பதியாமலே தள்ளுவண்டியில் ஏற்றிப் பிழையான இராக்கைக்கு அனுப்பியிருக்கிறோம். கொப்பியை நூலகரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். 665 ரூபாயையும் நீக்க அவர் அங்கேயே எழுத்தில் அனுமதி தந்தார். மாணவியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டோம். "இல்லை மிஸ், நான்தான் பொய் சொல்றனோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டு" என்றார். நாலரை மாதமாக எங்கள் கணக்கு இப்படி ஒரு பிழையைச் சுமந்துகொண்டிருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

## ஜூலை 2, 3: அடுத்த புத்தகமும் அட்டையும்

வவுனியாவிலிருந்து முகாமைக் கணக்கியல் ஜூலை 2 மத்தியானம் பஸ்ஸில் வந்தது. மாணவி கொண்டக்டரிடம் வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் ஓடி வந்தார். பழைய பேப்பர் சுற்றி, மேலே டேப் ஒட்டி, நல்ல நிலையில் இருந்தது. நான் பதிந்தேன், 100 நாள், 500 ரூபாய் என்று திரை காட்டியது.

எனக்கு ஏதோ இடித்தது. ஏப்ரலில் புத்தாண்டுக்கு 11ஆம் திகதியிலிருந்து 20 வரை நூலகத்தை மூடியிருந்தோமே. நாட்காட்டியைத் திறந்து பார்த்தால் அந்தப் பத்து நாளும் விடுமுறை என்று யாரும் பதியவில்லை. விடுமுறை நாட்களை விட்டுவிட்டுக் கணக்குப் போடும்படி மென்பொருளுக்குச் சொல்லித்தான் வைத்திருக்கிறோம், ஆனால் எந்த நாள் விடுமுறை என்று நாங்கள் சொன்னால்தானே அதற்குத் தெரியும். 50 ரூபாயைக் கழித்து 450 என்று சீட்டு எழுதினேன். ஏப்ரலுக்கு முன் எடுத்துப் பிந்தியிருந்த மற்றவர்களின் கணக்குகளையும் அன்று பின்னேரமே திருத்தினோம்.

காசை நாங்கள் கவுண்டரில் வாங்குவதில்லை, காசாளரான சிறாப்பரிடம் கட்டிப் பற்றுச்சீட்டைக் கொண்டுவர வேண்டும். அவர் போகும்போது சிறாப்பர் கவுண்டர் மூடியிருந்தது. இது ஒவ்வொரு முறையும் நடப்பதுதான், கடைசி நாளில் புத்தகம் கையில் இருந்தும் கட்ட இடம் இல்லாமல் பிள்ளைகள் அல்லாடுவார்கள். அடுத்த நாள் காலை கட்டிவிட்டு வந்தார். கோஹாவில் அவர் பெயரில் புத்தகம் எதுவும் இல்லை.

ஆனால் பீட அலுவலகத்தில் அட்டை கொடுக்கவில்லை. ஏனென்றால் அவர்களிடம் இருப்பது நாங்கள் ஜூன் கடைசியில் அனுப்பிய கடதாசி, அதில் அவர் பெயருக்கு நேரே குறி அப்படியே இருக்கிறது. எங்கள் திரையில் மாறியது அவர்கள் கடதாசியில் மாறாது. பற்றுச்சீட்டைக் காட்டியிருக்கிறார், "அது காசு கட்டினதுக்கு, புத்தகம் வந்ததுக்கு லைப்ரரி எழுதித் தரட்டும்" என்றிருக்கிறார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, இரண்டும் வெவ்வேறு விடயம்தான். இரண்டு வரியில் விடுவிப்புக் கடிதம் எழுதி, நூலகரின் கையொப்பமும் முத்திரையும் வைத்து, அவரிடம் கொடுத்து அனுப்பாமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். குறியை வெட்டிப் பக்கத்தில் கையொப்பம் இட்டார்கள். பின்னேரம் மூன்றே முக்காலுக்கு அட்டை கைக்கு வந்தது. ஜூலை 4 காலை பரீட்சை எழுதினார்.

## நவம்பர்: முடிந்தது என்று நினைத்தது

பெறுபேறு வந்த பிறகு பட்டச் சான்றிதழுக்கு கிளியரன்ஸ் படிவம் கொண்டு சுற்ற வேண்டும். நூலகம், விடுதி, விளையாட்டுப் பிரிவு, ஆய்வுகூடம், நிதிப் பிரிவு எல்லாம் கையொப்பம் இட்டால்தான் சான்றிதழும், பதிவின்போது கட்டிய மீள்தரு வைப்புப் பணமும். நவம்பர் மழையில் நனைந்த படிவத்தோடு அவர் வந்தபோது நான் லீவில் இருந்தேன். கவுண்டரில் இருந்த தம்பி கணக்கைத் திறந்தார், 670 ரூபாய் நிலுவை என்று காட்டியது. கையொப்பம் இட முடியாது என்று அனுப்பிவிட்டார்.

அவர் எனக்குப் போன் எடுத்தபோது எனக்குப் புரியவே இல்லை. அடுத்த நாள் வந்து பார்த்தேன். ஜூலை 1 அன்று நான் அந்தப் புள்ளிவிபரவியல் நூலை அன்றைய திகதியிலேயே பதிந்திருக்கிறேன். மென்பொருளுக்கு அது 134 நாள் பிந்தி வந்த புத்தகம், 5 ரூபாய்ப்படி 670 போட்டுவிட்டது. நூலகரின் அனுமதி கோப்பில் இருந்தது, கணக்கில் யாரும் அதை ஏற்றவில்லை. யாரும் என்றால் நான்தான். ஜூலை 3 அன்று புத்தகம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன், காசுப் பக்கத்தைத் திறக்கவில்லை. திருப்பிப் பதியும் பக்கத்திலேயே `Specify return date` என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் பெப்ரவரி 16 என்று போட்டிருந்தால் தண்டப்பணமே விழுந்திருக்காது. அது தவறிப்போனால் கணக்குப் பக்கத்தில் `Write off` அழுத்தி, அனுமதிக் கடிதத்தின் திகதியைக் குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் வாயால் "நீக்கியாச்சு மகள், போங்கோ" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அன்றே நீக்கினேன். நூலகம் கையொப்பம் இட்டது. ஒரு நாள் பஸ் காசும் அலைச்சலும் அவருக்கு வீண். அடுத்த கிழமை நேர்முகத் தேர்வு ஒன்றுக்குச் சான்றிதழ்ப் பிரதி கேட்டிருந்தார்கள், நல்ல காலம், அது கைவிட்டுப் போகவில்லை.

## இப்போது மாற்றியதும் மாற்ற முடியாததும்

சிஆர் கொப்பியில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எத்தனை இலக்கம் எழுதியது, எத்தனை பதிந்தது என்று இரண்டு எண் எழுதிக் கையொப்பம் இடுகிறோம். இரண்டும் பொருந்தாமல் வண்டி இராக்கைக்குப் போகாது. லைன் இல்லாத நேரத்தில் கொடுப்பவருக்குத் திகதி முத்திரை குத்திய சின்னத் துண்டு ஒன்று கொடுக்கிறோம். லைன் இருந்தால் திருப்பிப் பதிந்த உடனே மின்னஞ்சல் போகும். நிறுவன மின்னஞ்சல் பார்க்காதவர்கள் தாங்கள் பார்க்கும் முகவரியை எங்களிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம், இரண்டு நிமிட வேலை. "கொடுத்துவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் இராக்கை தேடுவது இப்போது இரண்டு ஆள், இரண்டு நாள், இலக்கம் மாறிய இடங்களும் சேர்த்து.

பரீட்சைப் பட்டியலை ஒரு கிழமைக்கு முன் அனுப்பாமல் நான்கு கிழமைக்கு முன்னரே தரும்படி பீட அலுவலகத்திடம் கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள். குறி விழுந்தவர்களுக்கு அந்த நான்கு கிழமையும் நாங்களே போன் எடுக்கிறோம். பட்டியல் இன்னும் கடதாசியில்தான் போகிறது, அதனால் விடுவித்தவர்களின் பெயரைப் பரீட்சைக்கு முந்தின மூன்று நாளும் மத்தியானமும் பின்னேரமும் கையால் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

ஒருவர் அட்டையில் இன்னொருவருக்குப் புத்தகம் எடுப்பதை எங்களால் நிறுத்த முடியவில்லை. பிள்ளைகளுக்கு அது உதவி, கேட்டால் மறுக்கக் கூச்சம், அதுவும் சீனியர் கேட்டால். கவுண்டரில் நாங்கள் சொல்வதெல்லாம், யார் படிப்பதானாலும் சரி, திருப்பித் தருகிற அன்றைக்கு நீங்களே கொண்டுவாருங்கள், அல்லது அன்றைக்கே உங்கள் கணக்கைத் திறந்து அந்தப் புத்தகம் போய்விட்டதா என்று பாருங்கள் என்பதுதான். அந்த 450 ரூபாயை அந்த அக்கா பிறகு அனுப்பிவிட்டதாக மாணவி சொன்னார்.

புள்ளிவிபரவியல் நூலுக்குப் புது முதுகுச் சீட்டு ஒட்டினோம், எண்ணைக் கொஞ்சம் பெரிதாக அடித்து. போன கிழமை ஒரு மூன்றாம் ஆண்டுத் தம்பி அதை எடுத்துப் போயிருக்கிறார்.